பிடித்து வைத்தால் பிள்ளையார், உடைத்தால்?

"பிடித்து வைத்தால் பிள்ளையார், வழித்து எறிந்தால் சாணி" என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். ஒரு பொருள் எப்போது சாமியாகிறது, எப்போது மறுபடி வெறும் பொருளாகிவிடுகிறது என்ற சிக்கலைப் பாட்டிமார்கள் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். திருச்சி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புறப்பட்ட இதே சிக்கல் டெல்லி உச்ச நீதிமன்றம் போய்ச் சேர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1953 மே 27, மாலை ஐந்தரை மணி. திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் கூட்டம் கூடியிருந்தது. திராவிடர் கழகத் தலைவர் பெரியார் ஈ.வெ.ரா. பேசினார். பேசி முடித்ததும் களிமண்ணால் செய்த ஒரு பிள்ளையார் உருவத்தைப் பலர் பார்க்க உடைத்தார். உடைப்பதற்கு முன்பு, இந்துக்களின் உணர்வைப் புண்படுத்தவே இதைச் செய்யப்போவதாக அவர் சொன்னார் என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. வீரபத்திரன் செட்டியார் என்பவர் கோர்ட்டில் தனிப் புகார் கொடுத்தார். பெரியாரோடு கழகத்தார் இன்னும் இருவரும் எதிரிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 295, 295-ஏ பிரிவுகளின்படி தண்டிக்க வேண்டும் என்பது புகாரின் சாரம்.

மதநிந்தனைச் சட்டத்தையும் மதச் சுதந்திரச் சட்டத்தையும் ஒப்பிட்டுப் பேச ஒரு கருத்தரங்கு கூடுகிறது என்றால், அங்கே வழக்கமாக நடப்பது நாடுகளின் பட்டியல் வாசிப்பு. இந்த நாட்டில் மரண தண்டனை, அந்த நாட்டில் அபராதம், வேறொரு நாட்டில் சட்டமே இல்லை என்று அட்டவணை போட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அதில் தெரியவருவது மிகக் கொஞ்சம். ஒரே செயலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாட்டு நீதிபதியும் அதை எந்தப் படியாக யோசிப்பார் என்று பார்த்தால்தான் சட்டங்களின் குணம் பிடிபடும். அப்படிப் பார்ப்பதற்கு அந்தத் திருச்சிக் களிமண் பிள்ளையாரைவிட நல்ல செயல் கிடைப்பது கடினம். கருத்தரங்குக்கு வருபவர்கள் முன்கூட்டிப் படித்துவர வேண்டிய குறிப்பு என்று இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சட்டத்தின் சொற்கள். பிரிவு 295 எந்த மதத்தின் பெயரையும் சொல்வதில்லை. கடவுள் என்ற சொல்லும் அதில் கிடையாது. ஒரு வழிபாட்டு இடத்தையோ, "ஏதேனும் ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் பொருளையோ" அழிப்பது, சேதப்படுத்துவது, தீட்டுப்படுத்துவது குற்றம் என்கிறது. ஆனால் உடைத்தால் மட்டும் குற்றமாகிவிடாது. அந்த வகுப்பாரின் மதத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு உடைத்திருக்க வேண்டும். அல்லது அவர்கள் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே உடைத்திருக்க வேண்டும். ஆக அரசுத் தரப்பு இரண்டை நிரூபித்தாக வேண்டும்: உடைந்த பொருள் புனிதப் பொருள், உடைத்தவர் மனதில் அவமதிக்கும் எண்ணமோ அந்த அறிவோ இருந்தது.

திருச்சி வழக்கில் இரண்டாவது கேள்விக்குப் பெரிதாக வேலையே இல்லை. புகாரில் உள்ளது உண்மையானால், மேடையிலேயே எண்ணத்தைச் சொல்லிவிட்டுத்தான் உடைத்திருக்கிறார்கள். அதனால் வழக்கு முழுவதும் முதல் கேள்வியில் வந்து நின்றது. கடையிலோ குயவரிடமோ கிடைக்கும் ஒரு மண் உருவம் புனிதப் பொருளா?

மாஜிஸ்திரேட் போலீஸ் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டுப் புகாரைத் தள்ளினார். தெய்வத்தின் சாயலில் இருக்கிறது என்பதற்காக ஒரு மண் பொம்மை புனிதப் பொருள் ஆகிவிடாது என்பது அவர் கருத்து. செஷன்ஸ் நீதிபதியும் அதே பக்கம் சாய்ந்தார். சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாக எல்லை கட்டியது: கோயிலில் உள்ள விக்கிரகம், திருவிழாவில் ஊர்வலமாகக் கொண்டுபோகும் விக்கிரகம், இவைதான் இந்தப் பிரிவுக்குள் வரும். இந்த வாதத்தில் உள்ளூர் அறிவு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. பிராணப் பிரதிஷ்டை நடந்தால்தான் சிலை மூர்த்தியாகிறது என்பது கோயில் வழக்கம். செதுக்கி முடித்த சிலையைச் சிற்பக்கூடத்தில் காலால் நகர்த்தி வைப்பவரை யாரும் பாவி என்பதில்லை.

உச்ச நீதிமன்றம் 1958 ஆகஸ்ட் 25 அன்று இந்த எல்லையைத் துடைத்தெறிந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி.பி. சின்ஹா. சட்டத்தில் இல்லாத வரம்பைக் கீழ்க்கோர்ட்டுகள் தாங்களாகச் சேர்த்துவிட்டன என்றார் அவர். ஒரு பொருள் எவ்வளவு அற்பமானதாக, காசு பெறாததாக இருந்தாலும், ஒரு வகுப்பார் அதைப் புனிதமாகக் கருதினால் போதும். அதை யாராவது உண்மையில் பூஜித்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. புனித நூல்களையே எடுத்துக்கொண்டால் இந்த வாதத்தின் நியாயம் தெரியும். ஒரு நூலுக்குப் பிரதிஷ்டை கிடையாது, கற்பூரம் காட்டாதவர்களும் உண்டு. ஆனாலும் அது புனிதம்தான். கீழ்க்கோர்ட்டுகள் ஒரு வகுப்பாரின் உணர்வை இவ்வளவு அலட்சியமாகத் தள்ளியிருக்கக் கூடாது என்று தீர்ப்பு கடிந்துகொண்டது.

பிறகு யாரும் எதிர்பாராத முடிவு. சட்டத்தை இப்படிப் புகார்தாரர் பக்கமாக விளக்கிவிட்டு, மறுவிசாரணைக்கு உத்தரவிட நீதிமன்றம் மறுத்துவிட்டது. சொல்லப்படும் செயல் நடந்திருந்தால் அது முட்டாள்தனமானது. ஆனால் வழக்கு பழசாகிப்போய்விட்டது, கிளற வேண்டாம் என்பது காரணம். செட்டியார் சட்டத்தில் ஜெயித்தார், வழக்கில் தோற்றார். பெரியார் மீது அந்தப் பிள்ளையாருக்காக விசாரணை நடக்கவேயில்லை.

இந்தத் தீர்ப்பில் ஒரு முடிச்சு இருக்கிறது. விநாயகர் சதுர்த்தி முடிந்த மூன்றாம் நாள் அதே களிமண் பிள்ளையாரைக் குளத்தில், கிணற்றில் போட்டுக் கரைக்கிறார்கள். கரைப்பவர்கள் பக்தர்கள். பொருள் ஒன்று, அழிவும் ஒன்று. அப்படியானால் குற்றமும் பக்தியும் பிரியும் இடம் செய்பவரின் மனம் மட்டும்தான். "புனிதப் பொருள்" என்ற முதல் வேலியை உச்ச நீதிமன்றம் இவ்வளவு அகலமாகத் திறந்துவிட்டதால், "எண்ணம்" என்ற இரண்டாவது வேலிதான் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. மதநிந்தனை வழக்கைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாம் வேலியின் உயரத்தை. உயரம் நாட்டுக்கு நாடு, பிரிவுக்குப் பிரிவு மாறுகிறது.

இந்தியாவிலேயே மாறுகிறது. பிரிவு 295 மெக்காலே காலத்துச் சட்டத்தின் பகுதி. 1860 முதல் இருக்கிறது. 295-ஏ பின்னால் ஒட்டவைத்தது. அதன் கதை லாகூரில் தொடங்குகிறது. 1920-களில் முகமது நபியைப் பற்றி 'ரங்கீலா ரசூல்' என்ற துண்டுநூல் அங்கே வெளியானது. வெளியிட்ட ராஜ்பால் மீது, வகுப்புகளுக்கு இடையே பகை மூட்டியதாக 153-ஏ பிரிவில் வழக்கு. 1927-ல் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் அவரை விடுவித்தார். நூல் கேவலமானது என்பதில் நீதிபதிக்கு ஐயமில்லை. ஆனால் இறந்துபோன ஒரு மதத் தலைவரைத் தாக்குவதும், உயிரோடிருக்கும் மக்கள்மீது பகை மூட்டுவதும் வேறு வேறு. இரண்டாவதற்குத்தான் 153-ஏ என்றார். கொந்தளிப்பு எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய சட்டசபை 295-ஏ பிரிவை நிறைவேற்றியது. 1929 ஏப்ரலில் ராஜ்பாலைக் கடையில் வைத்தே இல்முத்தீன் என்ற இளைஞர் குத்திக் கொன்றார். அவருக்கு அக்டோபர் 31 அன்று தூக்கு. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

புதிய பிரிவின் வாசகத்தில் சட்டசபை ஒரு பூட்டுப் போட்டிருந்தது. சொல்லாலோ எழுத்தாலோ ஒரு வகுப்பாரின் மதத்தை அவமதித்தால் மட்டும் போதாது. "வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு" மத உணர்வைக் கொதிக்கச் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். 295 பிரிவில் "தெரிந்து செய்தார்" என்றாலே போதும். இங்கே அது போதாது. வரலாறு எழுதுபவர்கள், நேர்மையாக ஒரு மதத்தை விமர்சிப்பவர்கள் இந்த வலையில் சிக்கிவிடக் கூடாது என்று அன்றைய விவாதத்தில் எச்சரித்தவர்களில் முகமது அலி ஜின்னாவும் ஒருவர். இன்னொரு பூட்டு நடைமுறையில் உண்டு: 295-ஏ வழக்கைக் கோர்ட் எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி வேண்டும். 295-க்கு அப்படி அனுமதி தேவையில்லை.

1957-ல் ராம்ஜி லால் மோதி என்ற பத்திரிகையாசிரியரின் வழக்கில் 295-ஏ பிரிவே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வந்தது. பேச்சுரிமைக்கு சாசனத்தின் 19(2) பிரிவு அனுமதிக்கும் கட்டுப்பாடுகளில் மத உணர்வு என்று எதுவும் இல்லை; பொது ஒழுங்குதான் இருக்கிறது. அவமதிப்பு எல்லாமே கலவரத்தில் முடிவதில்லையே, பின் எப்படி இந்தப் பிரிவு செல்லும்? ஐந்து நீதிபதிகள் சொன்ன பதில்: தெரியாமல், அலட்சியமாக, தீய நோக்கமின்றிச் செய்த அவமதிப்பை இந்தப் பிரிவு தொடவே இல்லை. வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்ததை மட்டும் தண்டிக்கிறது. அந்த வகை அவமதிப்புக்குப் பொது ஒழுங்கைக் குலைக்கும் இயல்பு உண்டு. ஆகவே செல்லும்.

வாதத்தின் நடையைக் கவனித்தால் ஒன்று தெரியும். இங்கே கலவரம் நடந்ததா, நடக்க இருந்ததா என்று நீதிமன்றம் கேட்கவில்லை. தீய நோக்கம் நிரூபணமானால், ஒழுங்குக் குலைவு தானாகவே அதில் அடங்கிவிடுகிறது. அதாவது பூட்டு ஒன்றுதான். அது திறந்தால் உள்ளே வேறு கதவு கிடையாது. ஒரு இதழின் அட்டைப்படத்தில் விஷ்ணுவாகச் சித்திரிக்கப்பட்டதற்காக கிரிக்கெட் வீரர் தோனி மீது தொடுத்த வழக்கை 2017-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது பயன்பட்டதும் இந்தப் பூட்டுதான். படம் வந்தது 2013-ல். தீய நோக்கம் எதுவும் புகாரில் தெரியவில்லை என்று சொல்ல நான்கு ஆண்டு ஆயிற்று. பூட்டு உறுதியானதுதான், ஆனால் அதன் சாவி டெல்லியில் இருக்கிறது. கீழ்க்கோர்ட்டில் சம்மன் வாங்கி நிற்பவர் தோனியாக இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் போக முடியுமா என்பது வேறு கேள்வி.

இப்போது அதே பிள்ளையாரை எல்லை தாண்டிக் கொண்டுபோகலாம். பாகிஸ்தான் 1947-ல் இதே தண்டனைச் சட்டத்தை, இதே பிரிவு எண்களோடு சுவீகரித்தது. மண் பிள்ளையாரை உடைத்தால் அங்கேயும் 295 பொருந்தும். இது கற்பனைக்கு எடுத்துக்கொண்ட உதாரணம் அல்ல. 2021 ஆகஸ்டில் பஞ்சாபின் ரஹீம்யார்கான் மாவட்டம் போங் என்ற ஊரில் ஒரு விநாயகர் கோயிலைக் கும்பல் புகுந்து உடைத்தது. மதரசாவை அசுத்தப்படுத்தியதாக மதநிந்தனை வழக்கில் சிக்கிய எட்டு வயது இந்துச் சிறுவனுக்கு ஜாமீன் கிடைத்ததுதான் அவர்களுக்குக் கோபம். பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, போலீஸைக் கடுமையாகக் கண்டித்தது. அடுத்த ஆண்டு 22 பேருக்கு ஐந்தாண்டு சிறை விதிக்கப்பட்டது. சட்டம் வேலை செய்தது என்று இதைச் சொல்லலாம். எட்டு வயதுக் குழந்தைமீது மதநிந்தனை வழக்குப் பதிவானதும் அதே சட்டத்தின் கீழ்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் எங்கே விலகிப்போனது என்பது 1980-களில் சேர்த்த பிரிவுகளில் இருக்கிறது. 1982-ல் குர்ஆனை அவமதிப்பது பற்றி 295-பி வந்தது. 1986-ல் நபியின் பெயரைக் களங்கப்படுத்துவது பற்றி 295-சி. இந்த 295-சி பிரிவில் "வேண்டுமென்றே" இல்லை, "தீய நோக்கம்" இல்லை, "எண்ணத்தோடு" என்றுகூட இல்லை. நேராகவோ மறைமுகமாகவோ, சாடையாகச் சொன்னாலும் குற்றம். 1927-ல் போட்ட பூட்டைக் கழற்றிவிட்டார்கள். தண்டனை, மரணம் அல்லது ஆயுள் சிறை என்று எழுதியிருந்தது. 1990-ல் ஃபெடரல் ஷரியத் நீதிமன்றம் ஆயுள் சிறை என்ற மாற்று இஸ்லாமியச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்ததால் மரணம் மட்டும் மிஞ்சியது. இந்தப் பிரிவு எல்லா மதத்துக்கும் பொதுவானதும் அல்ல. மெக்காலேயின் "ஏதேனும் ஒரு வகுப்பார்" என்ற சொற்றொடர் இங்கே காணாமல் போய்விட்டது.

எண்ணத்தைப் பார்க்காத சட்டத்தில் ஒரு நீதிபதிக்கு நியாயம் செய்ய என்ன வழி மிஞ்சுகிறது? சாட்சியம் ஒன்றுதான். ஆசியா பீபி வழக்கு இதற்குப் பாடம். 2009 ஜூனில் பழத்தோட்டத்தில் ஃபால்சா பறிக்கும் வேலை. கிறிஸ்தவரான அவர் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்க மறுத்ததில் சக பெண்களோடு வாய்த்தகராறு. ஐந்து நாள் கழித்துப் போலீஸில் புகார்: நபியைப் பழித்தார், ஊர்க்கூட்டத்தில் அதை ஒப்புக்கொண்டார். 2010-ல் மரண தண்டனை. 2014-ல் லாகூர் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரியில் அவருடைய காவலரே சுட்டுக் கொன்றார். இரண்டு மாதத்தில் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொலையானார்.

உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்த தீர்ப்பில் மதநிந்தனைச் சட்டத்தின் நியாய அநியாயத்தைப் பற்றி எதிர்ச்சொல் ஒன்றும் கிடையாது. சட்டத்தைத் தலைவணங்கி ஏற்றுக்கொண்டு, பிறகு ஒரு திருட்டு வழக்கைப் பார்ப்பதுபோல் சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் நூறு பேர் இருந்தார்கள் என்கிறார் ஒரு சாட்சி. ஆயிரம் என்கிறார் மற்றொருவர். இரண்டாயிரத்துக்கு மேல் என்கிறார் வேறொருவர். கூட்டம் யார் வீட்டில் நடந்தது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. தகராறு நடந்ததைப் பெண்கள் மறைத்திருக்கிறார்கள். புகாருக்கு ஏன் ஐந்து நாள்? கொலைவெறிக் கூட்டத்தின் நடுவே நிறுத்திவைத்து வாங்கியதை ஒப்புதல் வாக்குமூலம் என்பதா? சந்தேகத்தின் பலன் குற்றவாளிக்கூண்டில் நிற்பவருக்கே. நீதிபதி ஆசிஃப் சயீத் கோசா தன் தனித்தீர்ப்பில் ஒரு படி மேலே போனார்: அந்தப் பெண்ணின் மதத்தை அவமதித்துவிட்டு, நபியின் பெயரால் உண்மையோடு பொய்யைக் கலந்ததும் நிந்தனைக்குக் குறைந்ததல்ல என்று எழுதினார். தீர்ப்பு வந்தது 2018 அக்டோபர் 31. இல்முத்தீன் தூக்கிலிடப்பட்ட அதே தேதி. லாகூரில் அந்தத் தேதி யாருக்கும் மறக்கவில்லை.

லண்டனில் நம் பிள்ளையாருக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. உடைத்தவரையும் பழைய மதநிந்தனைச் சட்டம் தொடாது, பிள்ளையாரையும் காக்காது. இங்கிலாந்தின் பொதுச்சட்டக் குற்றமான மதநிந்தனை கிறிஸ்தவ மதத்தை மட்டும் காத்தது. சல்மான் ருஷ்டியின் நாவலுக்கு எதிராக முஸ்லிம்கள் சார்பில் வழக்குப் போட முயன்றபோது, வேறு மதங்களுக்கு அதை நீட்ட முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. ஆனால் கிறிஸ்தவத்தைக் காத்தபோது அந்தச் சட்டம் எண்ணத்தைப் பார்க்காமலேயே காத்தது. 'கே நியூஸ்' இதழில் 1976-ல் ஏசுவைப் பற்றி வந்த ஒரு கவிதைக்காக அதன் ஆசிரியர் டெனிஸ் லெமனுக்குத் தண்டனை கிடைத்தது. புண்படுத்தும் எண்ணம் அவருக்கு இருந்ததா என்ற கேள்வியே வேண்டியதில்லை, வெளியிடும் எண்ணம் இருந்தால் போதும் என்று பிரபுக்கள் சபை 1979-ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவு செய்தது.

அந்த மூவரில் ஒருவரான ஸ்கார்மன் பிரபுவின் தீர்ப்பு இந்திய வாசகர் தேடிப் படிக்க வேண்டியது. பல மதத்தார் வாழும் நாட்டில் ஒரு மதத்தை மட்டும் காக்கும் சட்டம் எப்படி நிற்கும் என்று கேட்டுவிட்டு, அவர் கைகாட்டிய இடம் மெக்காலேயின் இந்திய தண்டனைச் சட்டம்! அன்றைய இந்தியா பன்மைச் சமூகம், இன்றைய பிரிட்டனும் அப்படித்தான் என்பது அவர் வாதம். காலனிக்கு எழுதிக் கொடுத்ததை நூற்றாண்டு கழித்துத் தாய்நாடு ஏக்கத்தோடு பார்த்தது. பிரிட்டன் கடைசியில் அந்த வழியில் போகவில்லை. எல்லா மதத்துக்கும் நீட்டுவதற்குப் பதிலாக 2008-ல் அந்தக் குற்றத்தையே ஒழித்துவிட்டது.

அமெரிக்காவில் யோசனை வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. திருச்சிச் சம்பவத்துக்குச் சரியாக ஓராண்டும் ஒரு நாளும் முன்பு, 1952 மே 26 அன்று, அங்கே உச்ச நீதிமன்றம் ஒரு திரைப்பட வழக்கைத் தீர்த்தது. ரொசெலினி எடுத்த 'தி மிராக்கிள்' என்ற குறும்படம் "புனிதத்தைக் கெடுப்பது" என்று சொல்லி நியூயார்க் மாநிலம் அதன் உரிமத்தை ரத்து செய்திருந்தது. எது புனிதம் என்பதில் மதங்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லாதபோது, தணிக்கை அதிகாரி எந்த அளவுகோலை வைத்து அளப்பார் என்று நீதிமன்றம் கேட்டது. அதற்கும் மேலே ஒரு வரி போனது: பிடிக்காத கருத்திலிருந்து ஒரு மதத்தையோ எல்லா மதங்களையுமோ காப்பது அரசின் வேலையே அல்ல. இந்த யோசனைப்படி டவுன்ஹால் மைதானத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பிள்ளையார் யாருடைய சொத்து? காசு கொடுத்து வாங்கிய சொந்தப் பொருளை உடைத்து ஒரு கருத்தைச் சொன்னால் அது பேச்சு. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையாரை உடைத்தால் அது சொத்துச் சேதம்.

இதுவரை பார்த்தது நிந்தனைச் சட்டம். மதச் சுதந்திரம் இதோடு எங்கே சேர்கிறது என்பதுதான் கருத்தரங்கில் பெரும்பாலும் குழம்பிப்போகும் இடம். சாசனத்தின் 25-ஆம் பிரிவு ஒருவர் தன் மதத்தை நம்பவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அது அரசின் கையைத் தடுக்கும் உரிமை. அண்டைவீட்டார் என் நம்பிக்கையை மதித்தே ஆக வேண்டும் என்ற உரிமை அதில் இல்லை.

ஆனால் இரண்டு வகை வழக்கிலும் நீதிபதி ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்: எது புனிதம், எது மதத்துக்கு அவசியம் என்று யார் சொல்வது? 1954-ல் சிரூர் மடம் வழக்கு வந்தது. உடுப்பி அப்போது சென்னை மாநிலத்தில். ஒரு மதத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்த மதத்தின் கொள்கைகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1986-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளின் வழக்கு. தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை; பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களை மறுபடி சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நம் அறிவுக்கு ஏற்கிறதா என்பது கேள்வியல்ல. அவர்கள் அதை மனசாட்சிப்படி உண்மையாக நம்புகிறார்களா என்பதே கேள்வி என்றது.

இந்த அளவுகோலும் 1958-ல் சின்ஹா கையாண்ட அளவுகோலும் ஒன்றே. இரண்டிலும் நீதிபதி ஒதுங்கி நின்று, நம்புகிறவரின் கண்ணால் பார்க்கிறார். விளைவுதான் தலைகீழ். 1986-ல் அந்தக் கண் மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றியது. அவர்கள் நம்பிக்கையால் வேறு யாருக்கும் சிறைவாசம் வரவில்லை. 1958-ல் அதே கண் வேறொருவரைக் கூண்டில் ஏற்றும் கருவியாக மாறுகிறது. தன் நம்பிக்கைக்கு விலக்குக் கேட்பவரிடம் ஆதாரம் அதிகம் கேட்காமல் இருப்பது பெருந்தன்மை. அடுத்தவரைத் தண்டிக்கச் சொல்பவரிடம் அதே தாராளத்தைக் காட்டினால், உடைத்தவருக்கு மிஞ்சும் ஒரே காவல் "எண்ணம்" என்ற சொல்தான். சின்ஹாவின் தீர்ப்பு சட்டத்தின் வாசகத்துக்கு நேர்மையானது. ஆனால் இந்த வேறுபாட்டை அது எடைபோடவில்லை. கீழ்க்கோர்ட்டுகளின் வாதம் வாசகத்தில் சறுக்கினாலும், தண்டனைச் சட்டத்தைக் குறுக்கித்தான் படிக்க வேண்டும் என்ற பழைய விதியின் பக்கம் நின்றது. இந்த இடத்தில் கட்டுரையாளரின் ஓட்டு கீழ்க்கோர்ட்டுக்கே.

2019-ல் பெரியார் சிலைகளின் பீடத்தில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரிய மனு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மனுதாரருக்குக் கடவுளை நம்பவும் சொல்லவும் உரிமை இருப்பதைப்போல, இல்லை என்று சொல்ல மற்றவர்களுக்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அங்கே பொருள் எதுவும் உடையவில்லை, சொல் மட்டும்தான் கேள்வி என்பதால் 1958 தீர்ப்பு குறுக்கே வரவில்லை.

கருத்தரங்குக்கு வருபவர்கள் இரண்டு தீர்ப்புகளை மட்டும் படித்துவிட்டு வந்தால் போதும்: வீரபத்திரன் செட்டியார் வழக்கு, 1958, பிஜோ இம்மானுவேல் வழக்கு, 1986. முதலாவது ஒரு மாலையில் படித்துவிடக்கூடிய அளவுதான். படிக்கும்போது பக்கத்தில் புதிய சட்டப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்புக்கு வந்துவிட்டது. 295 இப்போது 298; 295-ஏ இப்போது 299. எண்கள் மாறின. "ஏதேனும் ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் பொருள்" என்ற சொற்றொடர் அப்படியே இருக்கிறது, அதற்கு 1958-ல் சொன்ன விளக்கமும்.